பேச்சு முடிந்தது, வேலை முடிந்ததா?

தொலைபேசியில் பேசி முடிக்கும்போது யாரும் சட்டென்று வைத்துவிடுவதில்லை. “சரி...” என்று ஒருவர் இழுப்பார். “ம்ம்... வேற ஒண்ணுமில்லையே?” என்பார் மற்றவர். “இல்ல, அவ்வளவுதான்.” “அப்ப வச்சிடட்டுமா?” “வைங்க, வைங்க.” இத்தனைக்கும் பிறகுதான் இணைப்பு துண்டிக்கப்படும். நடுவில் யாருக்காவது “ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்” என்று ஞாபகம் வந்தால் பேச்சு மறுபடி உயிர் பெறும்.

இந்தச் சாதாரணச் சங்கதியை இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1973இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் ஆராய்ந்தார்கள். உரையாடல் தானாக முடிவதில்லை, பேசுபவர்கள் சேர்ந்து அதை முடிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. இழுத்துச் சொல்லப்படும் அந்தச் ‘சரி’ ஒரு வாய்ப்பு. இதுவரை பேசப்படாத விஷயம் ஏதாவது இருந்தால் இப்போது சொல்லலாம் என்று எதிராளிக்குக் கதவைத் திறந்துவைக்கிறது. அவரும் ‘சரி’ என்று விட்டுக்கொடுத்தால்தான் விடைபெறும் சொற்களுக்கு இடம் கிடைக்கிறது.

சாட்பாட்டுடன் பேசும்போது இந்தச் சடங்கு வேலைக்கு ஆவதில்லை. காரணம் அது இயங்கும் விதம். நீங்கள் ஒரு செய்தியை அனுப்பும் ஒவ்வொரு முறையும், முதல் வரியிலிருந்து இதுவரை நடந்த பேச்சு முழுவதும் மொழி மாதிரிக்கு மறுபடியும் தரப்படுகிறது. அது அந்தப் பிரதியைப் படித்து அடுத்த பதிலை எழுதுகிறது, அவ்வளவுதான். உங்கள் இரண்டு செய்திகளுக்கு நடுவே அது உங்களுக்காகக் காத்திருப்பதில்லை, உங்கள் சிக்கலை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பதும் இல்லை. நீங்கள் விட்டுப்போனது அதற்குத் தெரியாது. நீங்கள் எழுதினால் பதில் எழுதியாக வேண்டும் என்பதால், ‘வேறொன்றுமில்லை’ என்று தன் முறையை விட்டுக்கொடுக்கவும் அதனால் முடியாது. நன்றி என்று எழுதினாலும் பதில் வரும், பெரும்பாலும் ‘இதையும் செய்து தரட்டுமா?’ என்ற தொனியில்.

ஆக, முடிக்கும் பொறுப்பு முழுக்க மனிதர் பக்கம் வந்து விழுகிறது. நாம் எழுதும் கடைசிச் செய்தியை யார் படிக்கப் போகிறார்கள் என்று யோசித்தால் அதை எப்படி எழுத வேண்டும் என்பதும் புரிந்துவிடும். ஒரு மாதம் கழித்து அதே உரையாடலைத் திறக்கும்போது, எல்லாவற்றையும் மறந்துபோன நீங்களும், புதிதாகப் படிப்பதுபோல் முதல் வரியிலிருந்து படிக்கப்போகும் மாதிரியும்தான் அதன் வாசகர்கள். அலுவலகத்தில் அடுத்து வருபவருக்குக் கோப்பில் குறிப்பு எழுதிவைப்பதைப் போன்ற வேலை இது.

ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். ஒரு பள்ளியின் பழைய மாணவர் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். அதன் செயலாளரிடம் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று உறுப்பினர் பட்டியல். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. இன்னொன்று சந்தா கட்டியவர்களின் பட்டியல். ஒவ்வொருவரும் தத்தம் கைபேசியில் நிரப்பிய படிவத்திலிருந்து வந்தது. இரண்டையும் ஒப்பிட்டு, சந்தா பாக்கி உள்ளவர்களைக் காட்டும் சின்னப் பைத்தான் நிரலைச் சாட்பாட் துணையுடன் எழுதிக்கொண்டார். நிரல் ஓடியது. ஆனால் சந்தா கட்டிய கோபால் பாக்கிப் பட்டியலில் நிற்கிறார். இரண்டு பட்டியலிலும் ‘கோபால்’ என்றுதான் இருக்கிறது. கண்ணுக்கு எள்ளளவும் வித்தியாசமில்லை.

தமிழ்க் கணினி வேலை செய்பவர்களுக்கு இந்த நோய் பழக்கமானது. யூனிகோடில் ‘ோ’ என்ற குறிக்கு U+0BCB என்று ஒரே எண் உண்டு. அதே வடிவத்தை ‘ே’ (U+0BC7), ‘ா’ (U+0BBE) என்ற இரண்டு குறிகளை அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நிரலுக்கோ ஒன்று 6 குறிகள் கொண்ட கோபால், மற்றது 7 குறிகள் கொண்ட கோபால். எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலில் பிரித்து எழுதிய வடிவமும், கைபேசியில் சேர்த்து எழுதிய வடிவமும் வந்து சேர்ந்திருக்கின்றன.

சாட்பாட் உடனே இந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. பெயருக்குப் பின்னால் தேவையில்லாத இடைவெளி இருக்கலாம் என்று ஒரு திருத்தம் வந்தது, பலிக்கவில்லை. கோப்பைத் திறக்கும் குறியாக்கம் தவறு என்று இன்னொன்று வந்தது, அதுவும் பலிக்கவில்லை. செயலாளர் சலித்துப்போய் இரண்டு பட்டியலிலிருந்தும் அந்தப் பெயரின் நீளத்தை அச்சிட்டுக் காட்டிய பிறகுதான் 6, 7 என்ற எண்கள் காட்டிக்கொடுத்தன. பிறகு வந்த திருத்தம் இது:

```python
import unicodedata

def clean(name):
    return unicodedata.normalize("NFC", name.strip())
```

NFC என்பது பிரிந்து கிடக்கும் குறிகளை, யூனிகோட் தரம் ‘இவை இரண்டும் ஒன்றே’ என்று அறிவித்திருக்கும் இடங்களில், ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் முறை. இரண்டு பட்டியலின் பெயர்களையும் இதன் வழியே அனுப்பியதும் கோபால் பாக்கிப் பட்டியலிலிருந்து போய்விட்டார். சிக்கல் முழுமையாகத் தீர்ந்தது என்று சாட்பாட் அறிவித்தது. செயலாளர் நன்றி சொல்லி மூடிவிட்டார்.

இந்த அறிவிப்புக்கு என்ன மதிப்பு? அந்தப் பட்டியலை மாதிரி பார்த்ததில்லை. செயலாளரின் கணினியில் நிரல் ஓடியதையும் பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் உரையாடலில் எழுதப்பட்டது மட்டுமே. தானே நிரலை ஓட்டிப் பார்க்கும் வசதி சில சேவைகளில் உண்டு; அங்கும் நீங்கள் கொடுத்த கோப்பு வரைக்கும்தான் அதன் கண் எட்டும். இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாதிரிகள் பயிற்சியின் ஒரு கட்டத்தில், மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்பதை வைத்துச் செதுக்கப்படுகின்றன. தீர்ந்தது என்று கேட்பதை மனிதர்கள் விரும்புகிறார்கள். பயனரோடு ஒத்துப்பாடும் இந்தச் சாய்வை ஆய்வாளர்கள் பல மாதிரிகளில் அளந்து காட்டியிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு எதற்கெடுத்தாலும் பயனரைப் புகழ்ந்து தலையாட்டத் தொடங்கியதால், சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இதனால் ‘தீர்ந்துவிட்டதா, உறுதியாகவா?’ என்று சாட்பாட்டிடமே கேட்பது வீண். உறுதியாகத்தான் என்று வரலாம். கேள்வியில் சந்தேக வாடை அடித்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சரியாக இருந்ததையும் மாற்றிவிடலாம். இரண்டுமே உங்கள் கேள்வியின் தொனிக்கு வந்த பதில்கள், பட்டியலைப் பார்த்து வந்தவை அல்ல. தீர்ந்ததா என்பதை உரையாடலுக்கு வெளியே, வேலை நடக்கும் இடத்தில்தான் பார்க்க முடியும்.

எதைப் பார்ப்பது? முதலில், புகார் தொடங்கிய அதே பெயர். கோபால் போய்விட்டார், நல்லது. ஆனால் அந்தப் பெயரைக் காட்டித்தானே திருத்தத்தையே வாங்கினோம்! அதில் வெற்றி பெறுவது பெரிய சாதனையில்லை. எனவே இரண்டாவதாக, சாட்பாட்டிடம் காட்டாத, ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த பெயர்கள் வேண்டும். ‘ோ’ சிக்கல் என்றால் ‘ொ’, ‘ௌ’ ஆகியவையும் அதே குடும்பம். மூன்றும் இரண்டு துண்டாக எழுதக்கூடிய குறிகள். சொக்கலிங்கம், கௌரி என்று இரண்டு பெயரைத் தேடியிருந்தால் போதும். மூன்றாவதாக, இதற்கு முன் சரியாக இருந்தவை இப்போதும் சரியாக இருக்கின்றனவா என்பது. இதை ஏறக்குறைய யாருமே பார்ப்பதில்லை. ஏன் பார்க்க வேண்டும் என்பது பின்னால் தெரியும்.

செயலாளர் கௌரியைத் தேடவில்லை. ஒரு மாதம் கழித்து, சந்தா கட்டிய கௌரிக்கு ‘உங்கள் சந்தா நிலுவையில் உள்ளது’ என்று சங்கத்திலிருந்து செய்தி போனது. அவர் கோபத்தோடு ரசீதின் படத்தை அனுப்பிவைத்தார்.

காரணம் சுவையானது. ‘ௌ’ என்பதன் இரண்டாம் பாதி பார்வைக்கு ‘ள’ எழுத்தைப் போலவே இருக்கும். ஆனால் யூனிகோடில் அதற்கென்று தனிக் குறி இருக்கிறது, U+0BD7. ‘ெ’ போட்டு இந்தக் குறியைப் போட்டால் NFC அதை ‘ௌ’ ஆக்கிவிடும். நம்மில் பலர் தட்டச்சு செய்வதோ ‘ெ’ போட்டு, பிறகு அசல் ‘ள’ எழுத்து. அது கௌரி அல்ல, கெளரி. யூனிகோட் தரத்தின் கணக்கில் அது வேறு சொல் என்பதால் NFC அதைத் தொடாது. ஆக, முதல் திருத்தம் தவறானது இல்லை. அது தீர்த்த சிக்கல் ஒன்று, எஞ்சி நின்ற சிக்கல் வேறொன்று. இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரிந்தன.

இப்போது அவர் பழைய பேச்சுக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலோர் எழுதக்கூடிய முதல் வரி இப்படி இருக்கும்: “போன மாசம் ஒண்ணு சரி பண்ணோமே, அது மறுபடியும் வேலை செய்யல.” பக்கத்து மேசை நண்பரிடம் இதைச் சொன்னால் போதும். புதிய உரையாடலில் இதை எழுதினால் மாதிரிக்கு எதுவுமே தெரியாது. நினைவு வசதி கொண்ட சேவைகளில் பழைய பேச்சின் சாரம் ஓரளவு எட்டலாம். ஆனால் அப்படி எட்டுவது சுருக்கமோ, பொறுக்கியெடுத்த துண்டோதான். ‘பெயர்ப் பட்டியல் ஒப்பிடும் வேலை’ என்று அதற்கு நினைவிருக்கக்கூடும். `clean()` என்ற செயற்கூறின் சரியான வரிகள் இருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. தெரியாத இடத்தை அது ஊகத்தால் நிரப்பும் என்பதுதான் ஆபத்து.

சரி, பழைய உரையாடலையே திறந்து அதன் அடியில் எழுதினால்? எல்லாம் அங்கேயே இருக்கிறதே! இருக்கிறது, அதுதான் தொல்லையும். அந்தப் பிரதியில் பலிக்காத இடைவெளித் திருத்தம் இருக்கிறது, பலிக்காத குறியாக்கத் திருத்தம் இருக்கிறது, கடைசியில் ‘முழுமையாகத் தீர்ந்தது’ என்ற அறிவிப்பும் இருக்கிறது. மாதிரி இவை அனைத்தையும் படித்துவிட்டுத்தான் பதில் எழுதும். கைவிட்ட யோசனைகளும் அதற்குச் சூழல்தான். நீண்ட பிரதியின் நடுவில் இருக்கும் தகவலை, தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதைவிட மொழி மாதிரிகள் அதிகம் தவறவிடுகின்றன என்று நெல்சன் லியூவும் சக ஆய்வாளர்களும் 2023இல் காட்டினார்கள். 2025இல் வந்த இன்னொரு ஆய்வு நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. ஃபிலிப் லாபான் குழுவினர் ஒரே பணியை மாதிரிகளுக்கு இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாத் தகவலையும் ஒரே செய்தியில் முழுதாக ஒரு முறை, அதையே துண்டு துண்டாகப் பல செய்திகளில் இன்னொரு முறை. துண்டுகளாகக் கொடுத்தபோது செயல்திறன் சராசரியாக 39 சதவீதம் குறைந்தது. மாதிரி சீக்கிரமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது, பிறகு அந்தத் தவறான முடிவைப் பிடித்துக்கொண்டு மீள முடியாமல் திணறுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இதில் சின்னதாக ஒரு பாதகமும் உண்டு. மாதிரி ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவுக்கு எல்லை இருக்கிறது. அது டோக்கன் என்ற துண்டுகளில் எண்ணப்படுகிறது. பல மாதிரிகளில் தமிழ்ச் சொல் ஒன்று அதே பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைவிட அதிக டோக்கன்களாக உடைகிறது. அதனால் தமிழ் உரையாடல் அந்த எல்லையைச் சீக்கிரம் தொடுகிறது. தொட்ட பிறகு சில சேவைகள் பழைய பகுதியை வெட்டிவிடும் அல்லது சுருக்கிவிடும், சில சேவைகள் இதற்கு மேல் முடியாது என்று நிறுத்திவிடும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பழைய உரையாடல் குட்டையாகவும், நேராகத் தீர்வுக்குப் போனதாகவும் இருந்தால் அங்கேயே தொடரலாம். முட்டி மோதித் தீர்வு கண்ட உரையாடலாக இருந்தால் புதிதாகத் தொடங்கி, தேவையானதை மட்டும் ஒரே செய்தியில் கொண்டுபோவது நல்லது. அந்தத் ‘தேவையானது’ எங்கிருந்து வரும் என்றால், முதல் உரையாடலை மூடும் முன் எழுதிவைத்த குறிப்பிலிருந்து. செயலாளர் அன்றைக்கு ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் அது ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

“உறுப்பினர் பட்டியலையும் சந்தாப் பட்டியலையும் பெயர் வைத்து ஒப்பிடும் பைத்தான் நிரல். கட்டியவர்களில் சிலர் பாக்கி என்று வந்தார்கள். காரணம்: உறுப்பினர் பட்டியலில் ‘ோ’ இரண்டு குறிகளாக (0BC7, 0BBE), சந்தாப் பட்டியலில் ஒரே குறியாக (0BCB). இரு பக்கமும் NFC செய்ததும் கோபால் சரியானார். கடைசி நிரல் கீழே. இடைவெளி நீக்கியதும் குறியாக்கம் மாற்றியதும் பலிக்கவில்லை, இரண்டும் காரணமில்லை. சோதித்தது கோபால் மட்டும். ‘ொ’, ‘ௌ’ உள்ள பெயர்களை இன்னும் சோதிக்கவில்லை.”

இந்தக் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்தவை கடைசி இரண்டு வாக்கியங்கள். சோதிக்காததை எழுத உட்கார்ந்தால், ‘இதையும் ஒரு கை பார்த்துவிடுவோமே’ என்று தோன்றிவிடும். கௌரிக்குப் போன செய்தி அங்கேயே நின்றிருக்கும். பலிக்காததை எழுதுவதும் அதே அளவுக்கு முக்கியம். இல்லாவிட்டால் அடுத்த முறை மாதிரி மறுபடியும் இடைவெளியிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

குறிப்பைச் சாட்பாட்டையே எழுதவைக்கலாமா என்றால், வரைவுக்குச் சரி. காரணத்தையும் நிரலையும் அது ஒழுங்காகத் தொகுத்துத் தரும். ஆனால் தோற்றுப்போன முயற்சிகளைச் சுருக்கம் என்ற பெயரில் அது விழுங்கிவிடுவதுண்டு. எதைச் சோதித்தோம் என்ற பகுதியை நீங்களேதான் எழுத வேண்டும், அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தானே. எழுதிய குறிப்பை உரையாடலுக்குள் மட்டும் விட்டுவைக்காமல், நிரல் இருக்கும் கோப்புறையிலேயே ஓர் உரைக்கோப்பாகப் போட்டுவையுங்கள். தற்காலிக உரையாடல் என்ற வகையைப் பயன்படுத்தியிருந்தால் மூடிய பிறகு உங்களால் அதைத் திறக்கவே முடியாது. உறுப்பினர்களின் தொலைபேசி எண்களையும் முகவரிகளையும் குறிப்பில் சேர்க்க வேண்டியதே இல்லை. சிக்கலைக் காட்ட இரண்டு மூன்று பெயர்கள் போதும்.

இப்போது மறுபடி திறக்கும் கட்டம். செயலாளர் அந்தக் குறிப்பை எழுதிவைத்திருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். செயலாளர் புதிய உரையாடலில் மேலே உள்ள குறிப்பை நிரலோடு ஒட்டுகிறார். அடுத்து, புதிதாக என்ன நடந்தது என்று எழுத வேண்டும்: கௌரி பாக்கி என்று வருகிறார், கோபால் இப்போதும் சரியாக இருக்கிறார், நடுவில் நிரலில் எதையும் மாற்றவில்லை. இந்தக் கடைசித் தகவல் பலருக்கு எழுதத் தோன்றாது. ஆனால் சிக்கல் தேடுகிறவருக்குப் பாதி வழியை அது அடைத்துவிடும். அதற்கும் பிறகு சாட்சியம். பெயரை அப்படியே ஒட்டினால் போதாது. ஒட்டும் வழியில் குறிகள் மாறிவிடவும் கூடும், திரையில் பார்க்கும் நமக்கு அது தெரியவும் தெரியாது. குறிகளின் எண்களையே எடுத்துத் தர வேண்டும்:

```python
print([hex(ord(c)) for c in name])
```

உறுப்பினர் பட்டியலில் உள்ள கௌரிக்கு இது தரும் விடை:

```
['0xb95', '0xbc6', '0xbb3', '0xbb0', '0xbbf']
```

நடுவில் இருக்கும் `0xbb3` தான் ‘ள’ எழுத்து. சந்தாப் பட்டியலின் கௌரியில் இரண்டாவது, மூன்றாவது எண்களுக்குப் பதிலாக `0xbcc` என்று ஒரே எண் இருக்கும். இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் ஊகத்துக்கு இடமே இல்லை. கூடவே ‘முதலில் காரணத்தைச் சொல், நிரலைப் பிறகு பார்க்கலாம், NFC வரியை எடுக்காதே’ என்று வேலியும் கட்டிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு பெயருக்காக நிரல் முழுதும் புதிதாக எழுதப்பட்டு வந்து நிற்கும்.

இந்த இடத்தில் எளிதாகக் கைக்கு வரும் திருத்தம், ‘ெ’, ‘ள’ இரண்டும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ‘ௌ’ போட்டுவிடுவது. ஓட்டிப் பார்த்தால் கௌரி சரியாகிவிடுவார். பாக்கிப் பட்டியலும் சுத்தமாக வரும். ஆனால் வெள்ளைச்சாமியின் பெயரிலும் ‘ெ’யை அடுத்து ‘ள’ இருக்கிறது. அங்கே புள்ளி தனியாகத் தொங்கி, பெயர் சிதைந்துபோகும். இதில் வேடிக்கை, ஒப்பிடும் சோதனை இதைக் கண்டுபிடிக்காது. இரண்டு பட்டியலிலும் வெள்ளைச்சாமி ஒரே மாதிரிதான் சிதைந்திருப்பார், பொருத்தமும் சரியாகவே விழும். சங்க மலரில் பெயர் அச்சாகி வந்த பிறகுதான் தெரியும். முன்பு சரியாக இருந்தவற்றைக் கண்ணால் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னும் கவனமான திருத்தம், ‘ள’வுக்குப் பிறகு புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் தொடாமல் விட்டுவிடுவது:

```python
name = re.sub("\u0bc6\u0bb3(?![\u0bbe-\u0bcd])", "\u0bcc", name)
```

நிரலின் தலையில் `import re` சேர்த்து, `clean()` உள்ளே NFC செய்ததை உடனே `return` செய்யாமல் `name` என்பதில் வைத்து, அதன் பிறகு இந்த வரியைப் போட்டு, கடைசியில் `return name` என்று முடித்தால் கௌரியும் சௌந்தரும் திருந்துவார்கள், வெள்ளைச்சாமி பிழைப்பார், ‘தெளிவு’ என்ற சொல்லும் பிழைக்கும். இதுவும் நூற்றுக்கு நூறு அல்ல; மாற்றப்பட்ட பெயர்களை மட்டும் தனியாக அச்சிட்டு ஒருமுறை படித்துவிட வேண்டும். ஒரு சங்கப் பட்டியலில் அவை அதிகம் இருக்காது, தேநீர் குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். படித்து முடித்த பிறகு, குறிப்பில் ‘சோதித்தவை: கோபால், சொக்கலிங்கம், கௌரி, வெள்ளைச்சாமி’ என்று மாற்றி எழுதிவிட்டு மூட வேண்டும். அதற்குள் சாட்பாட், பாக்கிதாரர்களுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் வசதியையும் சேர்த்துத் தர முன்வந்திருக்கும். ஆசையாகத்தான் இருக்கும். ஓடுகிற நிரலைத் தனிப் பெயரில் சேமிக்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். தீர்ந்த வேலை திரும்பக் கெடுவது பெரும்பாலும் இந்தக் கூடுதல் சுற்றில்தான்.

இதுவரை சொன்னது நாமே இழுத்துவைத்துப் பேசும் பொதுவான சாட்பாட்டுகளுக்கு. வங்கி, விமானம், இணையக் கடை போன்றவற்றின் சேவைச் சாட்பாட்டுகளில் நிலைமை தலைகீழ். அங்கே முடிவு உங்களைக் கேட்காமலே நடந்துவிடும். இத்தகைய சாட்பாட்டுகளைக் கட்டப் பயன்படும் அமேசான் லெக்ஸ் சேவையில், பயனர் பேசாமல் இருந்தால் 5 நிமிடத்தில் அமர்வு காலாவதியாகும் என்பது தொடக்க அமைப்பு. நிறுவனம் விரும்பினால் நீட்டிக்கலாம். வாட்ஸ்அப்பில் உங்கள் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நிறுவனம் உங்களுக்கு இயல்பாகப் பதில் எழுத முடியும். அதற்குப் பிறகு முன்கூட்டி ஒப்புதல் பெற்ற வார்ப்புச் செய்திகளை மட்டுமே அனுப்பலாம். பதில் சொல்லாமல் போனவரின் புகாரைத் தீர்ந்ததாக எடுத்துக்கொள்ளும் கணக்கும் இந்தத் துறையில் உண்டு. எனவே தீரவில்லை என்றால் ‘தீரவில்லை’ என்று எழுதிவிட்டு, புகார் எண்ணை வாங்கிக்கொண்டுதான் வெளியேற வேண்டும்.

வெளியேறும் முன் உரையாடலைத் திரைப்பிடிப்பு எடுத்துவைப்பதும் நல்லது. அதன் பலனுக்கு ஒரு வழக்கே இருக்கிறது. 2022 நவம்பரில் கனடாவில் பாட்டி இறந்த துக்கத்துக்குப் போக வேண்டிய பயணி ஒருவர், ஏர் கனடாவின் சாட்பாட்டிடம் துக்கப் பயணச் சலுகை பற்றி விசாரித்தார். பயணச்சீட்டு எடுத்து 90 நாட்களுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. நிறுவனத்தின் உண்மையான விதியில், பயணம் செய்த பிறகு கேட்க முடியாது. பணத்தைத் திருப்பித்தர நிறுவனம் மறுத்தது. சாட்பாட் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனிச் சட்ட உரு என்ற தொனியில் வாதமும் வைத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்காமல், வட்டியும் கட்டணமும் சேர்த்துச் சுமார் 812 கனடா டாலர் தரும்படி உத்தரவிட்டது. அந்தப் பயணியிடம் உரையாடலின் திரைப்பிடிப்பு இருந்தது.

உங்களிடமும் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஏதாவது இருந்தால் ஒரு வேண்டுகோள். செயலாளரின் நிரலில் போட்ட திருத்தம் சொல்லின் நடுவில் வரும் ‘ௌ’வை மட்டும்தான் கவனிக்கிறது. சொல்லின் தலையில் வரும் ‘ஔ’ அதில் அடங்கவில்லை. ஔவையாரைப் பலர் ‘ஒ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்துகளாகத்தான் தட்டச்சு செய்கிறோம். பட்டியலில் ஔவை இருந்தால் இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள். பார்த்த பிறகு, அதையும் குறிப்பில் எழுதிவையுங்கள்.